கல்லாவில் குறைந்த 160 ரூபாய்

ஹோட்டல் கணக்கு என்றால் ராத்திரி கல்லாவை எண்ணி நோட்டில் எழுதுவதுதானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பேராவூரணியில் நான் மாலை நேரத்தில் கணக்கு எழுதும் ஹோட்டலில், சித்திரைத் திருவிழா சமயத்து ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன்.

அன்று போட்ட பில்கள் ரூ.18,900. இதில் விற்பனை 18,000. மீதி 900 ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. இந்த 900 நம் வருமானம் இல்லை, அரசுக்குக் கட்ட வேண்டியது. பில் தொகையில் 4,200 கிரெடிட் கார்டில் வந்தது, 14,700 ரொக்கம்.

காலையில் சில்லறைக்கு வைத்தது 1,000. பாலுக்குக் கொடுத்தது 1,200. ஆக கல்லாவில் 14,500 இருக்க வேண்டும். எண்ணினால் 14,340. குறைவு 160!

இலக்கம் மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். 160 வகுபடவில்லை. அதனால் கார்டு சீட்டுகளைப் பில்லோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒரு 850 ரூபாய் பில்லுக்கு மெஷினில் 950 அடித்திருந்தது. சப்ளையரைக் கேட்டால், "கூட நூறு எனக்குத்தாண்ணே டிப்ஸ். கல்லாவுலேர்ந்து வாங்கிட்டேன்" என்றார். வவுச்சர் எழுதாததால் வந்த வினை. நிஜக் குறைவு 60 தான்.

முதலாளி, "டிப்ஸ் டப்பாவுலேர்ந்து எடுத்துப் போட்டுச் சரி பண்ணிடு தம்பி" என்றார். அது கூடாது. டிப்ஸ் ஹோட்டல் காசே இல்லை. ஊழியர்களுக்காக நாம் வாங்கி வைத்திருக்கும் கடன். கேஷியர் சம்பளத்தில் பிடிப்பதென்றாலும், அவரது கவனக்குறைவால்தான் போனது என்று தெரிய வேண்டும். அவரிடம் விளக்கமும் கேட்க வேண்டும். விற்பனையை 60 குறைத்து எழுதுவது அதைவிட மோசம், பில்லும் வரியும் ஒத்துப் போகாது.

ஆகவே பற்றில் ரொக்கம் 14,700, கார்டு வரவேண்டியது 4,300. வரவில் விற்பனை 18,000, ஜி.எஸ்.டி. 900, கொடுக்க வேண்டிய டிப்ஸ் 100. இரு பக்கமும் 19,000. சப்ளையர் வாங்கிய நூறுக்கு வவுச்சர் போட்டு டிப்ஸ் கடனைத் தீர்த்தேன். அறுபதை 'ரொக்கக் குறைவு' என்ற தனிக் கணக்கில் தேதியோடும் கேஷியர் பெயரோடும் எழுதினேன். மாசக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால், தினமும் சில்லறையில் போகிறதா, ஒரே ஆளின் ஷிப்டில் போகிறதா என்று தெரிந்துவிடும்.

4,300-ஐ அன்றே பேங்க் கணக்கில் எழுதவில்லை, கவனித்தீர்களா? ராத்திரி மெஷினில் செட்டில்மெண்ட் போட்ட பிறகு, அடுத்த வேலைநாளில்தான் பணம் வரும். எங்கள் ஒப்பந்தப்படி கமிஷன் ஒன்றரை சதவீதம், அதாவது 64.50. பேங்கில் ஏறியது 4,235.50. கமிஷனைச் செலவில் எழுதியதும் கார்டு கணக்கு பூஜ்யமானது. ஆகவில்லை என்றால், முந்தைய ராத்திரி செட்டில்மெண்ட் போட மறந்தார்களா என்று முதலில் பாருங்கள்.