வெந்நீரும் இரண்டு விடைகளும்

யாழ்ப்பாணத்தில் சிறியதொரு விருந்தினர் விடுதி நடத்தும் அன்பரொருவர், கைத்தொலைபேசியும் கையுமாக எம் இல்லத்திற்கு வந்தார். மாரி காலத்தில், ஒரே வாரத்தில், விருந்தினர் இருவர் இணையத்தில் ஒரே குறையை எழுதியிருந்தனர். காலையில் குழாயில் வெந்நீர் வரவில்லை என்பதே அது. ஆங்கிலத்தில் எழுதியவருக்கு அன்பர் பெரிதும் வருந்தி, அடுத்த வருகையில் கட்டணத்தில் கழிவு தருவதாக விடையளித்திருந்தார். தமிழில் எழுதியவருக்கோ, "மழை நாளில் வெயிலுக்கு எங்கே போவது? அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்று இரண்டே வரி. இரண்டும் ஒரே பக்கத்தில் நின்றன. மூன்றாமவர் ஒருவர் அவற்றைப் படித்துவிட்டு, "ஆங்கிலத்திற்குத்தான் மரியாதையோ?" என்று கேட்டு, ஒற்றை நட்சத்திரம் இட்டுச் சென்றுவிட்டார்.

அன்பர் ஓரவஞ்சனைக்காரர் அல்லர். ஆங்கிலத்தை ஒரு மாதிரியைப் பார்த்து எழுதினார். தமிழை வாயில் வந்தபடி எழுதினார். வினை அங்கேதான் விளைந்தது.

இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நடந்ததை முதலில் ஒரு தாளில் எழுதச் சொன்னோம். கூரைமேலுள்ள சூரிய வெப்பக் கருவியை மட்டும் நம்பியிருந்தது, அதனை விருந்தினருக்கு முன்கூட்டிச் சொல்லாதது, இப்போது மின்சூடாக்கி பொருத்தியது, தரவிருக்கும் கழிவு ஆகிய நான்கும் இரு விடைகளிலும் வரவேண்டும். பின்னர் ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்காமல், தாளைப் பார்த்தே தனித்தனியாக எழுதவேண்டும்.

மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? "ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்று கந்தோர்க் கடிதம் போலாகும். ஆங்கிலத்தில் பணிவு பெரும்பாலும் வினைச்சொல்லைத் தணித்துச் சொல்வதில் இருக்கிறது. தமிழில் அது விளியிலும் வினைமுற்றிலும் இருக்கிறது. ஆகவே 'நீங்கள்' என்றால் எல்லா விடைகளிலும் 'நீங்கள்'. ஒருவருக்கு மட்டும் 'தாங்கள்' வேண்டாம். புனைபெயரில் எழுதியவர் ஆணோ பெண்ணோ தெரியாதாகையால் 'அன்புடையீர்' போதும். 'நாம் தவறிவிட்டோம்' என்றால் விருந்தினரும் அத்தவற்றில் பங்காளியாகிவிடக்கூடும். 'நாங்கள்' என்பதே தகும். (பத்திரிகைக்காரர் தம்மை 'நாம்' என்பது வேறு வழக்கு!)

அன்பர் எழுதிய தமிழ் விடை இது:

"அன்புடையீர், காலையில் வெந்நீரின்றி நீங்கள் சிரமப்பட்டதற்கு வருந்துகிறோம். சூரிய வெப்பக் கருவியை மட்டும் நம்பியிருந்ததால் மழை நாளில் வெந்நீர் குறையும் என்பதை நாங்கள் முன்னரே சொல்லியிருக்கவேண்டும். இப்போது மின்சூடாக்கி பொருத்தியுள்ளோம். மீண்டும் வாருங்கள்."

அறை எண்ணையோ தங்கிய நாளையோ அவர் குறிப்பிடவில்லை. ஊரே படிக்கும் இடமல்லவா? பின்பு ஆங்கில விடையை அவர் மகள் எமக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல, தாளோடு ஒப்பிட்டோம். ஆங்கிலத்தில் நான்கும் இருந்தன. தமிழில் கழிவைக் காணவில்லை!

"எங்கடை ஆக்கள்தானே, கேட்டால் குறைப்பேன்" என்றார் அன்பர். மகள் ஒன்றும் பேசாமல் தொலைபேசியை வாங்கி, அந்த வரியைச் சேர்த்துவிட்டாள்.