படத்தில் பார்த்த அரக்கும் கையில் வந்த அரக்கும்

ஜவுளிக்கடையில் சேலை எடுக்கப் போகும் பெரியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிடித்த சேலையைக் கையில் எடுத்ததும், "இதை வாசல்ல வச்சு ஒருதரம் பார்த்துடுறேன் தம்பி" என்று கடைப்பையனையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். கடைக்காரர்களும் தடுப்பதில்லை. உள்ளே விளக்கில் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். இப்போது அதே சேலையை வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். படத்தை வாசலுக்கு எடுத்துப்போக வழியில்லை. விற்பவர் எந்த விளக்கின் கீழ் படமெடுத்தாரோ, அந்த விளக்கு படத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

நிறம் துணியில் மட்டும் இல்லை. சாயம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. நாம் பார்ப்பது அந்த மீதியைத்தான். அரக்குச் சாயம் பெரும்பாலும் சிவப்பை, அதிலும் ஆழ்ந்த சிவப்பைத்தான் திருப்பித் தரும். விழும் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பே குறைவாக இருந்தால் அது எதைத் தரும்?

கடைகளில் எரியும் எல்இடி விளக்கின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது நீல ஒளி உமிழும் ஒரு சில்லு. அதன்மேல் மஞ்சள் பூச்சைப் பூசி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும்படி செய்கிறார்கள். கண்ணுக்கு அது வெள்ளைதான். ஆனால் மலிவான விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ 80 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அந்த எண், வெளிறிய எட்டு மாதிரி நிறங்களை வைத்து எடுக்கும் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஒன்பதாவது மாதிரியாக அதைத் தனியே அளப்பார்கள், சராசரியில் சேர்ப்பதில்லை. அதனால் 80 வாங்கிய விளக்கின் கீழும் அரக்குச் சேலை களையிழந்து பழுப்படித்துத் தெரியலாம். பழைய குண்டு பல்பு இதற்கு நேர்மாறு. அதில் சிவப்பு ஏராளம், நீலம் சொற்பம். அதன் கீழ் அரக்கு ஜொலிக்கும், கருநீலம் கறுப்பாகிவிடும்.

வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைப் பிறகு எந்தச் செயலியாலும் படத்துக்குள் கொண்டுவர முடியாது. முதல் இழப்பு இது. ஈடு செய்ய முடியாத இழப்பும் இதுதான்.

அடுத்து கேமரா. எந்த விளக்கின் கீழ் எடுக்கிறோம் என்பது போனுக்குத் தெரியாது. படத்தில் உள்ள நிறங்களை வைத்து அது ஊகிக்கிறது. படத்தின் நிறங்களையெல்லாம் கலந்தால் ஏறத்தாழ சாம்பல் வரும் என்பது இந்த ஊகத்தின் பழைய அடிப்படை. தெருவையோ மனிதர்களையோ எடுக்கும்போது இது ஓரளவு சரியாக வரும். ஒரே அரக்குச் சேலையைச் சட்டம் முழுக்க விரித்து எடுத்தால், "விளக்கு சிவப்பாக இருக்கிறது போல" என்று கேமரா தப்புக்கணக்குப் போட்டுச் சிவப்பைக் குறைத்துவிடும். இன்றைய போன்கள் இதைவிட நுட்பமாகக் கணக்கிட்டாலும், பெரிய அளவில் ஒரே நிறம் வந்தால் இன்னமும் தடுமாறுகின்றன.

வெளிச்சத்தின் அளவிலும் இதே கதைதான். படம் மொத்தமாக இருண்டும் இல்லாமல் வெளிறியும் இல்லாமல் நடுத்தரமாக வரவேண்டும் என்று கேமரா பார்க்கும். அரக்கு இயல்பிலேயே அடர்த்தியானது. சட்டம் முழுக்க அது நிறைந்திருந்தால் 'இருட்டாக இருக்கிறது' என்று எண்ணிப் படத்தைத் தூக்கிவிடும். "படத்துல நல்ல சிவப்பா இருந்துச்சு, வந்தது கருஞ்சிவப்பு" என்று எத்தனையோ வீடுகளில் கேட்கும் புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். கறுப்புத் தோல் பை சாம்பலாகவும், வெள்ளை வேட்டி மங்கலாகவும் வருவதற்கும் இதே காரணம்தான். சந்தேகமிருந்தால் வீட்டில் ஓர் அடர்நிறச் சேலையை ஜன்னலோரம் விரித்து, சேலை மட்டும் தெரியும்படி ஒரு படமும், பக்கத்தில் வெள்ளைச் சுவரும் தெரியும்படி இன்னொரு படமும் எடுத்துப் பாருங்கள். சேலை அதேதான், வெளிச்சமும் அதேதான். நிறம் மட்டும் இரண்டாக வரக்கூடும்.

மூன்றாவது நம் கையில் இருக்கும் திரை. பெரும்பாலான படங்களும் இணையமும் இன்றும் பின்பற்றுவது 1996-இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் அக்கால மானிட்டர்களை மனதில் வைத்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி அளவீட்டைத்தான். அதன் எல்லைக்குள் அடங்காத நிறங்கள் உண்டு. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் இருக்கும் அழுத்தமான நிறங்களில் பல வெளியே நின்றுவிடும். மயில்துத்த நீலத்தைப் படத்தில் பார்த்தவர்கள் நேரில் பார்த்து அசந்துபோவது இதனால்தான். புதிய போன்களின் திரை இதைவிட அகன்றது என்பது உண்மை. ஆனால் 'விவிட்' என்ற அமைப்பில் வைத்திருந்தால் உள்ள நிறத்தையும் கூட்டிக் காட்டும். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் வசதி பல போன்களில் பொழுது சாய்ந்ததும் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். சேலை பார்ப்பதற்கு நமக்கு ஓய்வு கிடைப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இதுவரை சொன்னது ஒரே நிறச் சேலைக்கு. மயில் கழுத்துச் சேலை என்றால் பிரச்சினை வேறு. அதில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம், நீலமும் பச்சையும் போல. பாவு நூல் நெடுக ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது. பட்டு இழை பளபளப்பானது என்பதால் ஒரு கோணத்தில் பாவின் மினுக்கம் கண்ணுக்கு வரும், சற்றுத் திருப்பினால் ஊடையின் மினுக்கம் வரும். மடிப்புகளில் நிறம் மாறி மாறி ஓடும் அழகு அதுதான். மேசையில் தட்டையாக விரித்து மேலிருந்து எடுத்த படம் இதில் ஒரே ஒரு கோணத்தைப் பிடித்து, "இந்தச் சேலை நீலம்" என்று முடிவு சொல்லிவிடுகிறது. கட்டிக்கொண்டு நடந்தால் பாதி பச்சை. இத்தகைய சேலைக்கு நிழற்படம் போதாது. கொசுவம் பிடித்து மெதுவாகத் திருப்பிக் காட்டும் சிறு வீடியோவைத்தான் கேட்க வேண்டும்.

தோலும் கோணத்துக்குக் கோணம் ஏமாற்றும், ஆனால் வேறு விதமாக. மெருகேற்றிய தோலின் மேற்பரப்பில் பட்டு நேராகத் திரும்பும் வெளிச்சம் உள்ளே போவதே இல்லை. அது விளக்கின் நிறத்தைச் சுமந்து வருமே தவிர, சாயத்தின் நிறத்தை அல்ல. அகலமான வெள்ளை விளக்கின் கீழ் எடுத்த பழுப்புப் பை முழுவதும் மெல்லிய வெள்ளைத் திரை போர்த்தியது போல வெளிறித் தெரிவது அதனால்தான். பைக்குப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வந்து, மினுக்கம் விழாத இடமாகப் பார்த்தால்தான் உண்மையான சாயம் தெரியும். தோலின் பூச்சு எது என்பதையும் கேளுங்கள். பிக்மென்ட் பூச்சு, சுவருக்கு அடிக்கும் பெயின்ட் போல மேலே படர்ந்து மூடிவிடுவதால் பைக்குப் பை நிறம் பெரிதாக மாறாது. அனிலைன் சாயம் தோலுக்குள் இறங்குவது. ஒரே தோலில் முதுகுப் பகுதி ஒரு மாதிரியும் வயிற்றுப் பகுதி ஒரு மாதிரியும் சாயம் குடிக்கும். எனவே படத்தில் இருக்கும் பையும் உங்களுக்கு வரும் பையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க முடியாது. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் என்றால் வெயில் படப்பட நிறம் அடர்ந்துகொண்டே போகும். படம் எப்போது எடுத்தது என்பதும் அங்கே கணக்கில் வந்துவிடுகிறது.

ஓரளவு தப்பிக்க ஒரு வழி உண்டு. உங்களிடமும் விற்பவரிடமும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு பொருளைச் சேலைமேல் வைத்து, பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நிழலில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊரில் இதற்கு நல்ல பொருள் ரூபாய் நோட்டு. புதிய வரிசையில் 100 ரூபாய் லாவண்டர், 200 ரூபாய் பளிச்சென்ற மஞ்சள், 500 ரூபாய் கல் சாம்பல், 10 ரூபாய் சாக்லேட் பழுப்பு என்று நிறங்கள் வகுத்தவை. அழுக்கில்லாத நோட்டாக இருக்கட்டும்.

அரக்குச் சேலைமேல் 100, 500 ரூபாய் நோட்டுகளை வைத்து எடுத்த படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் அதே நோட்டுகளைப் பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். படத்திலுள்ள சாம்பல் நோட்டு உங்கள் கையில் இருப்பதைவிட மஞ்சளடித்திருந்தால், சேலையும் அந்த அளவுக்கு மஞ்சளடித்துத்தான் வந்திருக்கிறது. அதாவது நேரில் இன்னும் குளிர்ந்த, நீலச்சாயல் உள்ள அரக்காக இருக்கும். நோட்டு படத்தில் வெளிறியிருந்தால் சேலை நேரில் இன்னும் அடர்த்தி. திரை, கேமரா, விளக்கு மூன்றின் கோளாறும் சேர்ந்தே நோட்டின்மேல் தெரிவதால், எதனால் வந்தது என்று பிரித்தறிய வேண்டிய தேவைகூட இல்லை.

ஆனால் சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுப்பதற்கு இந்த உத்தியும் போதாது. இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கின் கீழ் வேறு வேறாகவும் தெரியலாம். பட்டுக்குப் போட்ட சாயமும் பருத்திக்குப் போட்ட சாயமும் வேறு. ஒரே அரக்கைத் தந்தாலும் ஒளியை விழுங்கும் விதத்தில் வேறுபடும். கடை விளக்கில் பொருந்தியது மண்டபத்து வாசலில் பொருந்தாமல் போகும். கேமராவும் நம் கண்ணைப் போல நிறத்தைப் பிரிப்பதில்லை என்பதால், நேரில் மாறுபடும் இரு துணிகள் படத்தில் ஒன்றாகவே விழுந்துவிடக்கூடும்.

திருப்பூரில் இது அன்றாட விஷயம். வெளிநாட்டு வாங்குநர் ஒரு நிறத்தைக் கேட்டால், சாயப்பட்டறை அதை ஆய்வகத்தில் சிறு துணித்துண்டுகளில் ஏற்றிப் பார்க்கும். அதற்கு லேப் டிப் என்று பெயர். அந்தத் துண்டுகளை, உள்ளே சாம்பல் பூசிய விளக்குப் பெட்டியில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65, கடை விளக்கைப் போன்ற டிஎல்84, குண்டு பல்பைப் போன்ற ஏ என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்றில் சேர்ந்து இன்னொன்றில் பிரிந்தால் மறுபடி சாயம் கலக்க வேண்டியதுதான். ஒப்புதலுக்கு அந்தத் துண்டுகள் கூரியரில் போகும், அல்லது கருவியில் அளந்த எண்கள் போகும். போனில் எடுத்த படத்தை நம்பி டன் கணக்கில் துணிக்குச் சாயம் ஏற்ற யாரும் துணிவதில்லை.

கல்யாணச் சேலையோ, விலை கூடிய தோல் பையோ வாங்குகிறீர்கள் என்றால் நீங்களும் அதையே கேளுங்கள். நெசவாளரிடம் மீந்த பாவு நூலும் ஊடை நூலும் விரல் நீளம் இருந்தால் போதும், ஓர் உறையில் வைத்து அனுப்பிவிடலாம். தோல் வேலை செய்பவரிடம் வெட்டி எறிந்த துண்டு எப்போதும் இருக்கும். ரவிக்கைத் துணியைச் சேலை கைக்கு வந்த பிறகு, அதைக் கடைக்குக் கொண்டுபோய், வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தே எடுங்கள். மாதிரி தர முடியாது என்கிற விற்பனையாளரிடம், நிறம் பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே பணம் அனுப்புங்கள்.