சிரித்தாலும் அடித்தாலும் வளரும் சொல்

கவுண்டமணி செந்திலைத் திட்டும் காட்சியைப் பார்த்த ஐந்து வயதுப் பையன் தாத்தாவை "பன்னித் தலையா" என்கிறான். சித்தப்பா சிரிக்கிறார், அம்மா கையை ஓங்குகிறாள். அவனுக்கு இரண்டும் கைதட்டல்தான்; அர்த்தம் அவனுக்குத் தெரியாது, வீடே திரும்பிப் பார்த்தது தெரியும்.

முகத்தை மாற்றாமல், "அது தாத்தாவை வருத்தும். கோபம்னா 'எனக்குக் கோபமா இருக்கு'ன்னு சொல்லு" என்று ஒரே முறை சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். சிரித்தவரிடமும் தனியாகச் சொல்லிவையுங்கள். முதல் சில நாள் இன்னும் உரக்கச் சொல்லிப் பார்ப்பான். பலர் அங்கேதான் பொறுமை இழக்கிறார்கள்.

நிறத்தையோ சாதியையோ உடற்குறையையோ குத்தும் சொல்லென்றால் மட்டும் அப்போதே உட்காரவைத்து, அது யாரை, ஏன் காயப்படுத்தும் என்று விளக்கியாக வேண்டும்.