யாருக்கு நல்ல பொங்கல்?

வெண்பொங்கலை உடம்புக்கு நல்லதாக மாற்ற வேண்டும் என்றால் பெரும்பாலும் மூன்று யோசனைகள் வரும். நெய்யைக் குறை, அரிசிக்குப் பதில் வரகோ சாமையோ போடு, சோடியம் குறைந்த உப்பு வாங்கு. ஒரு வீட்டில் இவை மூன்றுமே சரியாக இருக்கலாம். இன்னொரு வீட்டுக்குப் போவோம். தாத்தாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வருகிறது, டயாலிசிஸ் வரை போகவில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம். அம்மாவுக்குச் சர்க்கரை. ஆறு வயதுப் பையனுக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. நான்கு பேரும் ஒரே குக்கரில் இருந்துதான் சாப்பிடுகிறார்கள்.

முதலில் உப்பு. ஏனென்றால் நல்லது என்று நினைத்துச் செய்வது ஆபத்தில் முடியக்கூடிய இடம் இதுதான். சோடியம் குறைந்த உப்பில், சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கு அது உதவும். தாத்தாவின் சிறுநீரகத்தால் மிஞ்சும் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பல நேரம் முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். ரத்த அழுத்தத்துக்குப் பலர் சாப்பிடும் டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. ஆகவே இந்த வீட்டில் வழக்கமான உப்பே இருக்கட்டும், அளவு மட்டும் குறையட்டும். ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை தேக்கரண்டி போடுகிற வீடானால் அதை முக்காலாக்கலாம். மிளகைக் கொரகொரப்பாகத் தட்டி, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையைத் தாராளமாகத் தாளித்தால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. சாம்பாரிலும் சட்னியிலும் உள்ள உப்பும் கூடவே குறைய வேண்டும்.

அடுத்தது சிறுதானியம். தேவைக்கு மேல் நம்பப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். 100 கிராம் பச்சை அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம் என்றால், வரகிலும் சாமையிலும் 65 கிராமை ஒட்டி இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல், உண்மைதான். ஆனால் சிறுதானியம்தானே என்று அம்மா இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் கிடைத்த வித்தியாசம் அங்கேயே தீர்ந்துவிடும். அவருக்கு உண்மையில் பலன் தருவது அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுவது. குழைய மசிக்காமல் இருப்பதும் உதவும், ஏனென்றால் மாவுச்சத்து எவ்வளவு குழைகிறதோ அவ்வளவு வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும்.

இதே பருப்பு தாத்தாவுக்கு வேறு கணக்கு. அதில் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றுமே அரிசியில் இருப்பதைவிட அதிகம். முந்திரியும் அப்படித்தான். வெள்ளை அரிசி கூடிய, பருப்பு குறைந்த பொங்கல்தான் அவருக்குப் பாதுகாப்பு. மற்றவர்கள் தவிர்க்கச் சொல்லும் வெள்ளை அரிசி இங்கே மருந்துக்கு அருகில் நிற்கிறது!

இதற்காக நான்கு பொங்கல் செய்ய வேண்டியதில்லை. குக்கரில் இரண்டு பாத்திரங்களை அடுக்கி, கீழே அரிசியும் மேலே பாசிப்பருப்பும் தனித்தனியாக வைத்தால் போதும். பருப்பை முன்பே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். வெந்தபின் தட்டில்தான் கலக்க வேண்டும். தாத்தாவுக்கு அரிசியோடு இரண்டு ஸ்பூன் பருப்பு, முந்திரி வேண்டாம். அம்மாவுக்கு ஒரு கரண்டி அரிசிக்கு ஒரு கரண்டி பருப்பு, பக்கத்தில் காய் நிறையப் போட்ட சாம்பார். பையனுக்கு நன்றாக மசித்து மேலே ஒரு மேசைக்கரண்டி நெய். வயிறு சிறியது, பசி சீக்கிரம் அடங்கிவிடும், அந்தக் கொஞ்சச் சோற்றுக்குள் 120 கலோரி கூடுதலாகப் போவது அவனுக்குத் தேவை. மொத்தப் பொங்கலுக்கும் நெய்யைக் குறைக்கிற வீடு, இளைத்த குழந்தையின் தட்டிலிருந்தும் அதை எடுத்துவிடுகிறது.

மாற்றம் பலித்ததா என்று நாக்கு சொல்லாது. அம்மாவுக்குச் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம். பழைய பொங்கலுக்கு ஒரு நாளும் புதியதற்கு ஒரு நாளும் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பையனுக்கு மாதம் ஒருமுறை எடை. தாத்தாவுக்கு மருத்துவர் எழுதித்தரும் பொட்டாசியம், கிரியேட்டினின் பரிசோதனை. பருப்பு எத்தனை ஸ்பூன் என்பதை அந்த அறிக்கையைக் காட்டி மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த அளவு நிலையானதல்ல. நாளை அவருக்கு டயாலிசிஸ் தொடங்கினால், இன்று குறைக்கச் சொன்ன புரதத்தை அவர்களே கூட்டச் சொல்வார்கள்.