யூனிட்டின் விலை இரவில்தான் தெரியும்

பங்குச் சந்தையில் பங்கு வாங்குபவர் விலையைப் பார்த்துவிட்டு வாங்குகிறார். மியூச்சுவல் ஃபண்டில் அப்படி இல்லை. பிற்பகல் இரண்டரை மணிக்கு நீங்கள் பத்தாயிரம் ரூபாய் போட்டால், உங்களுக்கு எந்த விலையில் யூனிட் கிடைக்கும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. உங்கள் முகவருக்குத் தெரியாது. ஃபண்டை நிர்வகிக்கும் மேலாளருக்கும் தெரியாது. செல்போன் திரையில் தெரிகிற என்ஏவி நேற்றையது. இன்றைய என்ஏவி இரவில்தான் வரும்.

இதைச் சிலர் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். “விலையே சொல்லாமல் பணம் வாங்குகிறார்களே, இது என்ன நியாயம்?” என்பார்கள். விலை முன்கூட்டியே தெரியாமல் இருப்பதுதான் யூனிட் வைத்திருக்கும் எல்லோருக்கும் பெரிய பாதுகாப்பு. அது எப்படி என்று புரிய, ஒரு நாள் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பங்குகளில் முதலீடு செய்யும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. கணக்குப் போடும் முறை நிஜமானது. பிற்பகல் 3.30 மணிக்குச் சந்தை முடிகிறது. திட்டத்தின் கையிருப்பில் உள்ள ஒவ்வொரு பங்கின் எண்ணிக்கையையும் அன்றைய முடிவு விலையால் பெருக்குகிறார்கள். முடிவு விலை என்பது கடைசியாக நடந்த ஒற்றை வியாபாரத்தின் விலை அல்ல. கடைசி அரைமணி நேரத்தில் நடந்த எல்லா வியாபாரத்தையும், அளவுக்கு ஏற்ற எடை கொடுத்துச் சராசரி பார்ப்பதுதான் இங்கே நீண்ட காலமாக இருந்துவரும் முறை. 3.29க்கு ஒருவர் நூறு பங்கை ஏறுமாறான விலைக்கு வாங்கினால், அதை வைத்து ஒரு ஃபண்டின் மதிப்பைத் தூக்கிவிட முடியாது.

நம் திட்டத்தில் இப்படிப் பெருக்கி வந்த மதிப்பு 482.60 கோடி ரூபாய். வங்கியிலும் ஒருநாள் கடனிலும் இருக்கும் ரொக்கம் 19.20 கோடி. நிறுவனங்கள் அறிவித்துவிட்டு இன்னும் அனுப்பாத டிவிடெண்ட் 0.35 கோடி. அது கைக்கு வரவில்லை என்றாலும் இன்றைய யூனிட்தாரர்களுக்கு உரிய பணம் என்பதால் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆக மொத்தச் சொத்து 502.15 கோடி.

இதில் கழிக்க வேண்டியவை இரண்டு. வாங்கிவிட்டு இன்னும் பணம் கட்டாத பங்குகளுக்கு 1.90 கோடி. சேர்ந்திருக்கும் நிர்வாகச் செலவு 0.25 கோடி. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். திட்டத்தின் செலவு விகிதம் ஆண்டுக்கு 1.80% என்று வைத்தால், 500 கோடிக்கு ஆண்டுக்கு 9 கோடி ரூபாய். அதை ஆண்டு முடிவில் மொத்தமாக எடுப்பதில்லை. 365ஆல் வகுத்து, நாளொன்றுக்குச் சுமார் 2.47 லட்சம் வீதம் தினமும் கழிக்கிறார்கள். பத்து நாள் செலவு சேர்ந்தால் கால் கோடி. ஒரு யூனிட்டுக்கு இது நாளைக்கு ஒரு பைசாவில் ஐந்தில் ஒரு பங்குதான். கணக்கு அறிக்கையில் “கட்டணம்” என்று தனி வரியாக வராததால் பலர் தாம் எதுவும் கட்டவில்லை என்றே நினைக்கிறார்கள். அறிவிக்கப்படும் என்ஏவி எப்போதும் செலவு போக மிஞ்சியதுதான். ஒரே திட்டத்தின் டைரக்ட் பிளானுக்கும் ரெகுலர் பிளானுக்கும் என்ஏவி வெவ்வேறாக இருப்பதற்கும் காரணம் இந்தத் தினசரிக் கழிவுதான்: ரெகுலரில் முகவர் கமிஷனும் சேர்ந்து கழிகிறது.

கழித்தால் நிகரச் சொத்து சரியாக 500 கோடி. வெளியில் இருக்கும் யூனிட்டுகள் பன்னிரண்டரைக் கோடி. வகுத்தால் யூனிட் ஒன்றுக்கு 40 ரூபாய். இதுதான் இன்றைய என்ஏவி. இரவு 11 மணிக்குள் இதை நிறுவனத்தின் இணையதளத்திலும், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்திலும் வெளியிட வேண்டும். வெளிநாட்டுப் பங்குகளை வைத்திருக்கும் சில திட்டங்களுக்கு மட்டும் மறுநாள் வரை நேரம் உண்டு.

வகுக்கப்பட்ட அந்தப் பன்னிரண்டரைக் கோடி யூனிட் எந்த நேரத்துக் கணக்கு என்பதில்தான் சூட்சுமம். இன்று உள்ளே வந்த பணமும் அதில் இல்லை, அதற்காகக் கொடுக்கப்போகும் யூனிட்டுகளும் அதில் இல்லை. முதலில் பழைய பணத்தையும் பழைய யூனிட்டையும் வைத்து விலை பிறக்கிறது. பிறகு அந்த விலையில் புது யூனிட்டுகள் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கீட்டையும் ஒவ்வொருவரின் யூனிட் கணக்கையும் வைத்திருப்பவை பதிவாளர் நிறுவனங்கள். இந்தத் தொழிலில் நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்றான கேம்ஸ் நம் சென்னையில்தான் இருக்கிறது.

இன்று புதிதாக 5 கோடி ரூபாய் வந்தது என்று வைப்போம். 40 ரூபாய் வீதம் பன்னிரண்டரை லட்சம் யூனிட் கொடுத்தாயிற்று. இப்போது சொத்து 505 கோடி, யூனிட் 12.625 கோடி. வகுத்துப் பாருங்கள், அதே 40 ரூபாய். புதிதாக எத்தனை பேர் வந்தாலும் பழையவர்களுக்கு ஒரு பைசா கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இப்போது அந்த 5 கோடிக்கு நேற்றைய விலையில் யூனிட் கொடுத்தால் என்ன ஆகும்? நேற்றைய என்ஏவி 39.20, இன்று சந்தை இரண்டு சதவீதம் ஏறியிருக்கிறது. 39.20 வீதம் கொடுத்தால் சுமார் 12.76 லட்சம் யூனிட் போகும். 505 கோடியை மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் 39.99 ரூபாய்தான் வரும். பழைய யூனிட்டுகளில் ஒவ்வொன்றிலும் முக்கால் பைசாவுக்குச் சற்று அதிகமாகக் கரைந்துவிட்டது. யாரும் கவனிக்காத தொகை. ஆனால் பன்னிரண்டரைக் கோடி யூனிட்டுக்கும் சேர்த்தால் சுமார் 10 லட்சம் ரூபாய். அது எங்கும் மறைந்துபோகவில்லை. நேற்றைய விலையில் உள்ளே வந்தவரின் பைக்குப் போய்விட்டது. சந்தை ஏறும் நாள்களில் மட்டும் இப்படி ஒருவர் நுழைந்து நுழைந்து வெளியேறினால், மாதச் சேமிப்பு போடும் சாதாரணக் குடும்பங்களின் பணத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கலாம்.

இது நடந்தும் இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் வெளிக்கொண்டுவந்த வழக்கில், கேனரி கேபிட்டல் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் மாலை 4 மணிக்குச் சந்தை முடிந்த பிறகும் அன்றைய விலையிலேயே ஃபண்டு யூனிட் வாங்க அனுமதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நேரம் தாண்டி வந்த செய்தியைப் பார்த்துவிட்டுப் பழைய விலையில் வாங்கும் சலுகை அது.

நம் நாட்டு அனுபவம் இதைவிடக் கசப்பானது. யூனிட் டிரஸ்டின் யுஎஸ்-64 திட்டத்தில் விலை என்ஏவியைப் பார்த்து வரவில்லை. நிர்வாகமே ஒரு விலையை நிர்ணயித்து அறிவித்தது. சொத்து மதிப்பு வெகுவாகச் சரிந்த பிறகும் அறிவித்த விலை உயரத்திலேயே நின்றது. 2001 ஏப்ரல், மே மாதங்களில் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான கோடிக்கு யூனிட்டுகளைத் திருப்பிக் கொடுத்து அந்த உயர்ந்த விலையை வாங்கிக்கொண்டு போயின. ஜூலை தொடக்கத்தில் விற்பனையும் திரும்ப வாங்குவதும் நிறுத்தப்பட்டபோது மாட்டிக்கொண்டவர்கள், ஓய்வுக்காலப் பணத்தை நம்பிப் போட்டிருந்த சிறு முதலீட்டாளர்கள். வெளியேறியவர்களுக்குக் கொடுத்த அதிக விலை, மிஞ்சியிருந்தவர்களின் சொத்திலிருந்து போனது.

ஆகவேதான் கட்-ஆஃப் நேரம். பங்குத் திட்டங்களுக்கு அது பிற்பகல் 3 மணி, சந்தை முடிய அரைமணி நேரம் முன்பு. இதில் 2021 பிப்ரவரி 1 முதல் இருக்கும் நிபந்தனை பலருக்குத் தெரிவதில்லை: விண்ணப்பம் மூன்று மணிக்குள் வந்தால் போதாது, பணமும் அதற்குள் திட்டத்தின் வங்கிக் கணக்கை அடைந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் பணம் கழிந்த நேரம் இங்கே கணக்கல்ல.

நம் திட்டத்தில் நீங்கள் பத்தாயிரம் போடுகிறீர்கள். முதலில் 0.005% முத்திரைக் கட்டணமாக 50 பைசா கழியும். மீதி 9,999.50 ரூபாய். பணம் 2.50க்குப் போய்ச் சேர்ந்தால் 40 ரூபாய் விலையில் 249.988 யூனிட். 3.20க்குச் சேர்ந்து, மறுநாள் என்ஏவி 40.40 ஆனால் 247.512 யூனிட். மறுநாள் சந்தை இறங்கியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். எஸ்ஐபியில் ஐந்தாம் தேதி பணம் கழிந்து, ஆறாம் தேதி அல்லது ஏழாம் தேதி விலை போட்டிருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். வழியில் ஞாயிறோ விடுமுறையோ வந்தால் இன்னும் தள்ளும். லிக்விட் ஃபண்டுக்கு விதி வேறு: அங்கே 1.30க்குள் பணம் சேர்ந்தால் முந்தைய நாள் என்ஏவி கிடைக்கும்.

விற்கும்போதும் மூன்று மணிக்குள் சொன்னால் அன்றைய என்ஏவி. ஓராண்டுக்குள் எடுத்தால் 1% வெளியேற்றக் கட்டணம் என்று திட்டத்தில் இருந்தால், 40 ரூபாய்க்குப் பதில் 39.60 கையில் வரும். அந்த 40 பைசா நிறுவனத்துக்குப் போவதில்லை; திட்டத்திலேயே சேர்ந்து, தங்கியிருப்பவர்களுக்குப் பயன்படுகிறது.

இத்தனை துல்லியமும் சந்தையில் தினமும் விற்று வாங்கப்படும் பங்குகளுக்குத்தான் பொருந்தும். கடன் பத்திரங்கள் பல நாள்கணக்கில் கைமாறாமல் கிடக்கும். அவற்றுக்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் கணித்துத் தரும் விலையை வைத்துத்தான் என்ஏவி போடுகிறார்கள். அது நியாயமான மதிப்பீடு. ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார் என்று பொருளல்ல. 2019 ஜூனில் டிஎச்எஃப்எல் நிறுவனம் தவணை தவறியபோது, அதன் பத்திரங்களை அதிகம் வைத்திருந்த சில கடன் திட்டங்களின் என்ஏவி ஒரே நாளில் செங்குத்தாக விழுந்தது. முந்தைய நாள் வரை நான்கு தசம இடம் வரை அச்சான எண்தான் அது.

10 ரூபாய் என்ஏவி மலிவு, 400 ரூபாய் விலை அதிகம் என்று எண்ணித் திட்டத்தைத் தேர்வு செய்யாதீர்கள். இரண்டும் ஒரே பங்குகளை ஒரே விகிதத்தில் வைத்திருந்தால், செலவும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே சதவீதம்தான் ஏறும், இறங்கும். அடுத்த முறை கணக்கு அறிக்கை வரும்போது என்ஏவி தேதியைப் பாருங்கள். பணம் திட்டத்தின் கணக்கில் சேர்ந்த நேரத்தையும் ஆம்ஃபி தளத்தில் அந்தத் தேதிக்குப் போட்டிருக்கும் என்ஏவியையும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள்; பணம் சேர்ந்த நேரத்துக்கான பதிவு அவர்களிடம் இருக்கும், அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.