நாற்பதும் நூற்றைம்பதும்

சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வில் ஒரு குரூப்பில் தேற இரண்டு நிபந்தனைகள் உண்டு. மூன்று தாள்களிலும் தலா 40 மதிப்பெண் வேண்டும். மூன்றும் சேர்ந்து 150-ஐத் தொட வேண்டும். மூன்றிலும் நாற்பது மட்டும் எடுத்தால் 120 தான் வரும். மீதி முப்பதை எங்கே தேடுவது என்பதே திட்டம்.

கணக்கியலில் 72, சட்டத்தில் 46, வரியில் 38 எடுத்தவருக்குக் கூட்டுத்தொகை 156. ஆனாலும் குரூப் போய்விடும். கணக்கியலில் உபரியாக வாங்கிய மதிப்பெண் வரியின் இரண்டு மதிப்பெண் குறையை அடைக்காது. (60-க்கு மேல் என்பதால் அந்தத் தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு விலக்கு கிடைக்கும் என்பது ஆறுதல்.) 45, 48, 52 எடுத்தவரோ எல்லாத் தாளிலும் தப்பி, 145-இல் நின்று ஐந்து மதிப்பெண்ணில் தோற்கிறார்.

ஆகவே பலவீனமான தாளுக்கு நாற்பதையே இலக்காக வைப்பது ஆபத்து. விரித்தெழுதும் விடைகளில் திருத்துபவர் ஐந்தாறு மதிப்பெண் குறைத்தாலும் தாங்கும்படி 48 வைக்கலாம். நடுத்தரத் தாளுக்கு 50, பிடித்த தாளுக்கு 60 என்றால் மொத்தம் 158. மாதிரித் தேர்வில் பலவீனத் தாள் 45-ஐத் தாண்டாதவரை, பிடித்த பாடத்துக்கான நேரத்தில் ஒரு பகுதியை அதற்கு மாற்றுவதே கணக்கு.