ஒட்டுமுகம் – 9: துப்பட்டாவின் சிவப்பு கன்னத்தில் ஏறுவது ஏன்?

தாடைக்கோட்டைப் போன வாரமே முடித்துவிட்டோம். இந்த வாரம் நெற்றியும் கன்னமும். சந்தாபுராவில் கல்யாண ஆல்பம் திருத்துகிறவர்களுக்கு இது பழகிய தலைவலிதான். குழுப் படத்தில் மாப்பிள்ளையின் பேட்டாவும் முகமும் அழகாக விழுந்திருக்கும், சிவப்புத் துப்பட்டாவை முக்காடிட்ட மணப்பெண் மட்டும் கண்ணை மூடியிருப்பார். அடுத்த படத்தில் அவர் கண் திறந்திருக்கிறது. அந்த முகத்தை எடுத்து இங்கே வைக்க வேண்டும். என் கட்சி இதுதான்: ஒட்டும் கோடு துணியைத் தொடவே கூடாது. துணிக்கும் புது முகத்துக்கும் நடுவே பழைய படத்தின் தோல் ஒரு மெல்லிய பட்டையாக மிஞ்ச வேண்டும்.

இதற்கு வலுவான சான்று, 2003இல் பெரெஸ், காங்னே, பிளேக் மூவரும் வெளியிட்ட ஒட்டுமுறை. இன்று ஓபன்சிவியில் `seamlessClone` என்ற பெயரில் கிடைப்பது அதுதான். இந்த முறை ஒட்டும் கோட்டில் நின்று, பழைய படத்தின் நிறத்துக்கும் புது முகத்தின் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கிறது. பிறகு அந்த வேறுபாட்டைச் சீராக இழைத்து முகத்தின் உட்பக்கம் முழுவதும் பரப்புகிறது. தோலும் தோலும் சந்தித்தால் இது அற்புதமாக வேலை செய்யும். கோடு துப்பட்டாவின் மேல் விழுந்தால் என்ன ஆகும்? புது முகத்தின் நெற்றியில் சிவப்பு 190, பச்சை 140, நீலம் 115 என்று வையுங்கள். அதே இடத்தில் துணி 180, 30, 40. சிவப்பில் 10தான் குறைகிறது, பச்சையிலோ 110 குறைகிறது. அந்தக் குறை உள்ளே பரவும்போது நெற்றியும் கன்னமும் காய்ச்சல் கண்டவர் போலச் சிவந்துவிடும். வெள்ளைத் தலைப்பாகை என்றால் இதே கணக்கில் நெற்றி வெளிறிப்போகும். முகம் காரணமில்லாமல் துணியின் நிறத்துக்குச் சாய்ந்திருந்தால், கோடு எங்கே விழுந்தது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம்.

கோடு ஏன் அங்கே போய் விழுகிறது? பரவலாகப் பயன்படும் 68 புள்ளி முறையில் முகத்தின் மேல் எல்லை புருவத்தோடு முடிகிறது. நெற்றிக்குப் புள்ளியே கிடையாது. காதோரத் தாடையைத் துணி மூடியிருந்தாலும் நிரல் அங்கே ஊகமாகப் புள்ளி வைத்துவிடும். ஆகவே கன்னப் பக்கம் கோடு துணிக்குள் புகுந்துவிடுகிறது, நெற்றிப் பக்கம் நாமாக மேலே இழுக்கும்போது முக்காட்டைத் தொட்டுவிடுகிறது. முகமூடியின் ஓரத்தைத் துணியிலிருந்து உள்ளே இழுத்து, மங்கலையும் உட்பக்கம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

துணியைத் தனியே வெட்டி முகத்தின் மேல் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். துணி வரும், அது நெற்றியில் போட்ட நிழல் வராது. அந்த நிழல் இருப்பது தோலில். அது போய்விட்டால் முகம் துணிக்கு முன்னால் ஒட்டிய அட்டை மாதிரி நிற்கும். பழைய தோலின் பட்டை நிழலையும் ஓரத்து முடியையும் அப்படியே காப்பாற்றுகிறது. பட்டைக்கே இடமில்லாமல் முக்காடு புருவம் வரை இறங்கியிருந்தால் என்ற ஆட்சேபம் நியாயமானது. அப்போது முழு முகத்தையும் மாற்றாமல் இரு கண்களையும் இமைகளையும் மட்டும் மாற்றுவதே சரி. மூடிய கண்ணுக்கு அதுவே போதும்.

தோல் ஊடே தெரியும் வலைத் துப்பட்டாவையும் இந்த வாரமே சொல்வதாக இருந்தேன். அதில் துணி எங்கே முடிகிறது என்பதே கேள்வி என்பதால் அடுத்த வாரம்.